ஒரு வாரம் தள்ளிப்போன பயணம்

சின்னவளுக்கு வியாழக்கிழமை காலையில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். அவள் வெளிநாட்டில் தொற்றுநோய் வார்டில் நர்ஸ். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஃப்ளூ என்று வந்தது. சனிக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்க ஊருக்கு விமானம் ஏற வேண்டும். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட அப்பா வீடு திரும்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகணும். அதுக்கு முன்னாடி யாரும் விமானத்துல ஏறக்கூடாது" என்றார் வார்டு டாக்டரம்மா. "நீ போறது ஆபரேஷன் ஆனவர்கிட்ட. இன்னும் ரெண்டு மூணு நாள் சேர்த்தே பொறுத்துக்கோ."

டாக்டர் கடிதத்தைக் காட்டிப் பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சளிக்கெல்லாமாடி டிக்கெட்டை மாத்துவாங்க? உங்கண்ணனுக்கும்தான் காய்ச்சலும் இருமலுமா இருக்கு. அவன் கிளம்பலையா?"

அவள் உடனே அண்ணனை அழைத்தாள். அவன் வேறொரு நாட்டில் மரச்சாமான் கடை வைத்திருந்தான்.

"அண்ணே, இப்ப வராதே. தள்ளிப் போடு."

"பாராசிட்டமால் போட்டா இறங்கிடுது. ஏர்போர்ட்ல நெத்தியில காட்டுற மிஷினுக்கே தெரியாது."

"மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமி அப்படியேதான் இருக்கும். பக்கத்து சீட்ல இருக்கவங்களுக்கும் ஒட்டும். வந்தே தீருவேன்னா மாஸ்க்கைக் கழட்டாதே. நாலஞ்சு நாள் லாட்ஜ்ல தங்கு, அப்பா ரூமுக்குள்ள போகாதே."

"பதினாலு மணி நேரம் பறந்து வந்து லாட்ஜ்லயா? உலகத்துல நீ ஒருத்திதான் நர்ஸா?" போனை வைத்துவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு போட்டோ அனுப்பினாள். கட்டிலில் அப்பா, அவர் கன்னத்தோடு கன்னம் வைத்து அண்ணன்.

ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் விட்டது. திங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவளுடைய வார்டு டாக்டரம்மா பார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகு, பயணத்தை முன்னுக்கு இழுத்துப் புதன்கிழமை கிளம்பினாள்.

வரிசையில், பஸ்ஸில், ஏறும்போது என்று நெரிசலில் எங்கேயும் மாஸ்க்கைக் கழட்டவில்லை. ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கினாள். சாப்பாட்டுப் பலகை, பெல்ட் கொக்கி, கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்தாள். தலைக்கு மேலிருந்த காற்றுத் துளையைத் திறந்து முகத்துக்கு முன்னால் காற்று விழும்படி வைத்தாள். கையைக் கழுவாமல் கண்ணையோ மூக்கையோ தொடவில்லை. பின் வரிசையில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். பணிப்பெண்ணிடம் சொல்லி நாலு வரிசை முன்னால் மாறி உட்கார்ந்தாள். புதிதாக எதையும் அப்பாவிடம் கொண்டு போய்விடக் கூடாது என்பது ஒன்றே நினைப்பு.

அவள் வானத்தில் இருந்தபோதே அப்பா போய்விட்டார். இறங்கியதும் சித்தப்பா சொன்னார்.

எல்லாம் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துப் பார்த்தாள். ஃப்ளூ என்று பரிசோதனையில் வந்தது புதன்கிழமை. மருந்தும் அன்றுதான் தொடங்கியிருந்தார்கள். முதல் பக்கத்தில் ஒரு வரி: 'வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என மகன் தெரிவித்தார்.'

அந்தத் தாளோடு அடுக்களைக்குப் போனாள். அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இருமல் இன்னும் விடவில்லை.

"டாக்டர் கேட்டப்ப ஏன் இல்லைன்னு சொன்னே?"

அவன் தாளையே பார்த்தான். "என் மேல பழி வந்துடுமோன்னு... நாலு பேர் நின்னாங்க." பிறகு, "சொல்லியிருந்தா?"

"செவ்வாய்க்கிழமையே அந்த மருந்தைப் போட்டிருப்பாங்க. பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்."

"என்கிட்டேருந்துதான் ஒட்டிச்சா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். "அந்த வீட்டுக்குள்ள நோயோட வந்தது நீ ஒருத்தன்தான், அண்ணே."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். "அம்மாகிட்ட சொல்லிடாதே."

கூடத்தில் அம்மா பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "அவன் உடம்பு முடியாம இருந்தும் ஓடி வந்தான். கடைசியா அப்பனைக் கட்டிப் பிடிச்சான். இவளுக்குத் தன் சளிதான் பெருசாப் போச்சு. பெத்த மனசு பித்து, பிள்ளை மனசு கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்வான் என்று சின்னவள் காத்திருந்தாள். அவன் இருமினான், வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

அவள் கூடத்துக்குப் போனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவனையும் இழந்து, மகன் கொண்டுவந்த நோயால்தான் இழந்தோம் என்பதும் தெரிந்து அம்மா எப்படி மிச்ச நாளை ஓட்டுவாள்? சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிப் பதினொரு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் அவள் போனை எடுப்பதில்லை. அண்ணன் எடுப்பான். சுகமா என்று கேட்பான், வேறெதுவும் பேச மாட்டான்.