பெட்டைப்பிள்ளையளுக்குச் சட்டை

பதுளைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த முருகையாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அரசாங்கக் கல்விக் கந்தோரில் கிளார்க் வேலை பார்த்த சரவணமுத்துவின் மேல் அறவே கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய துணிக்கடை நிஸாமோடு தேத்தண்ணி குடிக்கிறவர். போதாதா?

ஆனாலும் லுணுகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கும் டெண்டரை அவரிடந்தான் வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தாளெல்லாம் இங்கிலீஷ்.

"பெடியளுக்குச் சேட்டும் காற்சட்டையும், பெட்டைப்பிள்ளையளுக்குச் சட்டை. துணியும் தையலும் உங்கட செலவு. தை மாசம் பள்ளிக்கூடம் துவங்க முதல் குடுக்கவேணும், பிந்தினால் தண்டம். உறை திறந்தாப் பிறகு விலை மாத்தேலாது, விலகினால் கட்டுப்பணம் போயிடும்" என்றார் அவர்.

பெண்பிள்ளைகளுக்குச் சட்டை மட்டும், பாவாடை அவரவர் வீட்டிலிருந்து போலும் என்று முருகையா கணக்குப் போட்டான். மனைவி பாக்கியலெட்சுமியின் சங்கிலியை அடகு வைத்து, டெண்டருக்குப் பிணையான கட்டுப்பணத்தைக் கட்டினான். அவளிடமிருந்த நகை அது ஒன்றுதான்.

விலை எழுதி அரக்கு வைத்த உறையைக் கந்தோர் டெண்டர் பெட்டியில் போடப் போனபோது சரவணமுத்து மெல்லக் கேட்டார்: "ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி போட்டனீங்கள்?"

பார்த்தீர்களா, ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தான் முருகையா. துணியளவு தெரிந்தால் விலை தெரியும், விலை தெரிந்தால் அதே டெண்டருக்குப் போட்டியிடும் நிஸாமுக்குப் போகும்.

"தேவையான அளவு போட்டிருக்கேங்க" என்று உறையைப் பெட்டிக்குள் தள்ளினான்.

"இல்லை, ஒருக்கா வடிவாப் பாத்து..."

"பரவாயில்லீங்க."

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்து விலைகளை வாசித்தார்கள். முருகையாவின் விலைதான் ஆகக் குறைவு, அதுவும் எக்கச்சக்கமாக. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நிஸாம் முகத்தில் மட்டும் தோற்ற வருத்தமே இல்லை.

"இந்த வெலைக்கு எப்படி முருகையா கவுன் தைக்கப் போறீங்க?" என்றார்.

"என்ன கவுன்? பொம்பளப் புள்ளைங்களுக்குச் சட்டைதானே."

சரவணமுத்து நிமிர்ந்தார். "எங்கட ஊரில கவுனைத்தான் சட்டையெண்டு சொல்லுறது" என்றார். பிறகு தோளிலிருந்து முழங்கால் வரை கையால் காட்டினார்.

முருகையா கணக்கைத் திருப்பிப் போட்டான். தைத்துக் கொடுத்தால் துணிக்கே கடை போய்விடும். விலகினால் சங்கிலி போய்விடும். கடை இருந்தால் சோறாவது மிஞ்சும். விலகுவதாகக் கையெழுத்து வைத்தான்.

படி வரை கூடவே வந்தார் சரவணமுத்து. "சட்டையெண்டதைப் பிழையா விளங்கியிருப்பியளோ எண்டுதான் துணியளவு கேட்டனான். ஏன் சொல்லேல்லை?"

"நிஸாமுக்குச் சொல்லிருவீங்கன்னு நெனச்சேங்க."

கிளார்க்கின் முகம் சுருங்கியது. "அவ்வளவு சந்தேகமெண்டால், என்னட்டை ஏன் வாசிக்கத் தந்தனீங்கள்?"

முருகையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தமிழ்ல சொல்றதுக்கு இந்தக் கந்தோர்ல வேற யாருங்க இருக்காங்க?"