மூன்றாம் பெல்ட்டைப் பற்றி ஒரு வரி

ஓய்வு பெறுகிறவர்களுக்குச் செங்கதிர் லோடிங் கம்பெனி சால்வையும் கடிகாரமும் கொடுத்துவந்தது. 2017-ல் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கிய பிறகு ஒரு படமும் அதன் கீழே நாலு வரியும் சேர்ந்துகொண்டன. அந்த நாலு வரியை எழுதுவது சண்முகப்பிரியாவின் வேலை. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பில் போடத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். தமிழ் நன்றாக எழுதுகிறாள் என்று தெரிந்ததும் பக்கத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

டவுன்ஷிப்புக்கு வெளியே கம்பெனியின் யார்டு. பழுப்பு நிலக்கரியை உடைத்து, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, லாரியில் கொட்டுவார்கள். அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த தனகோடி அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தார்.

கடின உழைப்பாளி, நேர்மையானவர், அனைவரிடமும் அன்பாகப் பழகியவர் என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும் என்பது சண்முகப்பிரியாவுக்குத் தெரியும். பெயரை மாற்றிப் போட்டாலும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஒருவர் என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் என்ன மாறியது என்று எழுதினால்தான் அது அவருடையது ஆகும். அதனால் தனகோடியிடமே போய்க் கேட்டாள்.

"நான் என்னத்தம்மா பண்ணேன்? எல்லாரும் பண்ணதுதான்" என்றார் அவர். பிறகு பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் எழுது. கொளஞ்சிநாதன் பேர எழுது."

கொளஞ்சிநாதன் கம்மாபுரத்துக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடந்த கரியை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தபோது, மேலே சுவிட்ச் ரூமில் இருந்தவர் ஆள் இருப்பது தெரியாமல் பெல்ட்டை ஓடவிட்டார். உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இழுக்கப்பட்டு, கொளஞ்சிநாதன் அந்த இடத்திலேயே இறந்தார். தனகோடியின் ஷிஃப்ட்டில்தான் நடந்தது. வெளியே எடுத்தவரும் அவர்தான்.

"அதுக்கப்புறந்தான் பூட்டு வந்துச்சு" என்றார் தனகோடி. "சுவிட்சுக்கு ஒரு பூட்டு. அடியில போறவன் பூட்டிட்டு, சாவிய அவன் இடுப்புலயே வெச்சிக்கினு போவணும். அவன் வெளிய வந்து தொறக்கிற வரைக்கும் முதலாளியே வந்தாலும் பெல்ட்டு ஓடாது. லோடு நிக்குதுன்னு குதிச்சாங்க. பூட்டு வாங்கிக் குடுத்தாதான் ஷிஃப்ட்டு ஆளுங்கள உள்ள அனுப்புவேன்னு வெளிய உக்காந்துட்டேன். வாங்கிக் குடுத்தாங்க."

சண்முகப்பிரியா இப்படி எழுதினாள்:

"எங்கள் யார்டின் தனகோடி இன்று விடைபெறுகிறார். 1989-ல் லோடிங் ஆளாக வந்தவர், ஷிஃப்ட் சூப்பர்வைசராக ஓய்வு பெறுகிறார். 2006-ல் மூன்றாம் பெல்ட்டில் கொளஞ்சிநாதனை இழந்தோம். அடியில் வேலை செய்கிறவர் கையிலேயே சுவிட்சுப் பூட்டின் சாவி இருக்க வேண்டும் என்ற முறையை அதன்பின் போராடிக் கொண்டுவந்தவர் தனகோடி. அன்றிலிருந்து இங்கே ஓர் உயிரும் போகவில்லை. 2015 வெள்ளத்தில் வீட்டுக்கே போகாமல் நம் மோட்டார்களைக் காத்தார். அவரை எங்களுக்கு இத்தனை காலம் விட்டுக்கொடுத்த அவர் மனைவி செல்லக்கிளி அம்மாளுக்கு நன்றி."

எந்தப் பதிவானாலும் மேலாளர் ஜெயப்பிரகாஷ் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் போட வேண்டும். அவர் படித்தார். முதல் இரண்டு வரிக்குத் தலையாட்டினார். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"ஃபேர்வெல்லுக்கு எதுக்கும்மா சாவு?"

"அவரே கேட்டாருங்க சார். அதைச் சொல்லலன்னா பூட்டு எதுக்கு வந்துச்சுன்னே புரியாது."

"சிமெண்ட் கம்பெனிக்காரங்க நமக்கு லோடிங் காண்ட்ராக்ட் குடுக்கலாமான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க சேஃப்டி ஆளு நம்ம பேஜத்தான் மொதல்ல தொறப்பான்." கொளஞ்சிநாதன் வரியையும் அடுத்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'அவரது இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் ஒரு விபத்துகூட இல்லை. ஜீரோ ஆக்சிடென்ட்.' பிறகு, "பாராட்டுதானே, யாரு வேணாங்கப் போறா?" என்றார்.

சண்முகப்பிரியா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "இது உண்மையில்லைங்களே சார்" என்றாள்.

"அவர் மேல ஒரு கேஸும் இல்ல. அந்த அர்த்தத்துல உண்மை. போடு."

அவள் போட்டாள். சால்வை போர்த்தும்போது எடுத்த படம். மேலே பெயர், பதவி, சேர்ந்த வருஷம். தனகோடியின் கணக்கையும் அதில் இணைத்தாள். யார்டு ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விருப்பக்குறி போட்டார்கள். வணக்கம் வைக்கும் கைகளோடு "நன்றி, என்றும் கடமைப்பட்டுள்ளேன்" என்று தனகோடியே கீழே எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும், அவரே ஒத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து தனகோடி ஆபீஸுக்கு வந்தார். வேட்டி கட்டியிருந்தார். அவரை வேட்டியில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"பாப்பா, கொளஞ்சிநாதன் பேர எழுதுறேன்னியே."

"எழுதுனேங்க. எடுத்துட்டாங்க. நீங்க படிச்சிட்டுத்தானே நன்றின்னு போட்டீங்க?"

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். படத்துக்குக் கீழே இரண்டு வரிதான் தெரிந்தது. 1989, லோடிங் ஆள், சூப்பர்வைசர். அதன்பின் மூன்று புள்ளியும் 'மேலும் காட்டு' என்ற சின்ன எழுத்தும். அதைத் தொட்டால் மீதி விரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வரியைப் படித்து, அதற்கே கண் கலங்கி, நன்றி போட்டிருக்கிறார்.

"சாமியம்மா படிச்சிருக்குது" என்றார். "கொளஞ்சிநாதன் சம்சாரம். அதோட பொண்ணு மணிமொழி முழுசாப் படிச்சுக் காட்டியிருக்குது. கடைசியில என் நன்றியையும் சேத்து. நேத்து போனேன். கதவத் தொறக்கல. உள்ளேருந்தே பேசிச்சு. ஒரு விபத்தும் நடக்கலையாமே, அப்ப என் வூட்டுக்காரரு எங்கதான் போனாரு, சொல்லுங்கன்னு கேக்குது."

சண்முகப்பிரியா பையை எடுத்துக்கொண்டாள். "வாங்க, நான் வந்து சொல்றேன்."

அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கம்மாபுரம் போனாள். வேறொரு பெண்ணின் குரல் கேட்டதால் சாமியம்மாள் கதவைத் திறந்தாள். தனகோடி வாசலிலேயே நின்றார். நடந்ததைச் சண்முகப்பிரியா ஒன்றுவிடாமல் சொன்னாள். யார் எழுதியது, யார் அடித்தது, 'மேலும் காட்டு' என்றால் என்ன என்பது வரைக்கும். பிறகு போனில் பக்கத்தைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து பொய் வரியை அழித்துவிட்டுத் தான் முதலில் எழுதியதைப் போட்டாள். சத்தமாகப் படித்தும் காட்டினாள்.

சாமியம்மாள் முழுவதையும் கேட்டாள்.

"அண்ணன் எழுதலன்னா சரி" என்றாள். "நான் படிச்சவ இல்ல. ஆனா யார் யாரு லைக் போட்டாங்கன்னு பொண்ணு பேரு பேராச் சொல்லிச்சு. என் வூட்டுக்காரரத் தூக்கிக்கினு வந்தவங்க பேரு இருந்துச்சு. குழி வெட்டுனவரு பேரு இருந்துச்சு. ஒருத்தருக்கும் தோணலியா? இப்ப நீ மாத்திட்ட. பாத்தவங்க திரும்பி வந்து பாப்பாங்களா?"

மாட்டார்கள் என்று சண்முகப்பிரியாவுக்குத் தெரியும். நாலு நாள் பழைய பதிவு அடியில் போய்விடும். திருத்தினால் மறுபடி மேலே வராது.

திருத்தியது அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. ஜெயப்பிரகாஷ் அவளைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டுப் பழைய வரிகளைத் திரும்பப் போட்டார். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நாளைலேர்ந்து எடை மேடைக்குப் போ. லாரி நம்பர எழுது. அதுல யாரும் எதையும் மாத்த வேண்டியதில்ல."

எடை மேடை யார்டு வாசலில் ஒரு தகரக் கூண்டு. நாள் முழுக்கக் கரித்தூள் பறந்துவந்து மேசையில் படியும். வீட்டில் அப்பா, "பொறுத்துக்க, இதே வேலைக்கு வெளியில பத்து பேரு நிக்கிறான்" என்றார். அவள் பொறுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் தனகோடி போன் செய்தார். குரலில் வேகம் இருந்தது.

"பாப்பா, நான் அந்த நன்றிய எடுத்துட்டேன். பேரன்தான் கத்துக் குடுத்தான். அதுக்குப் பதிலா நானே எழுதிட்டேன், அவங்க போட்டதுக்குக் கீழயே. 'கொளஞ்சிநாதன் மூணாம் பெல்ட்டுல செத்தான். என் ஷிஃப்ட்டுல. நான்தான் வெளிய எடுத்தேன். விபத்து இல்லன்னு சொல்றது பொய்.' அவ்வளவுதான். ரெண்டு நாளாச்சு. அப்படியே இருக்குது. எடுக்கத் தைரியம் வரல அவங்களுக்கு."

"நல்லதுங்க" என்றாள். பேசிக்கொண்டே மேசையில் இருந்த கம்பெனிப் போனில் அந்தப் பதிவைத் திறந்தாள்.

"சாமியம்மாகிட்ட என் போனக் காட்டுனேன். இன்னிக்குத்தான் உள்ள கூப்புட்டு உக்காரச் சொல்லிச்சு. காப்பி குடுத்துச்சு. மணிமொழி பண்ருட்டிக்கு முந்திரிக் கம்பெனி வேலைக்குப் போயிருக்குது. வந்ததும் அதோட போன்லயும் எடுத்துப் பாருன்னு சொல்லிட்டு இப்பதான் கெளம்புறேன்."

சண்முகப்பிரியா கருத்துகளை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். வாழ்த்துகள் இருந்தன. பூங்கொத்துகள் இருந்தன. தனகோடி எழுதியது இல்லை. மறுபடி திறந்து பார்த்தாள். இல்லை.

கருத்தை மறைக்கும் அந்த வசதி அவளே கையாண்டதுதான். யாராவது கெட்ட வார்த்தை எழுதினால் அழிக்க வேண்டாம், மறைத்துவிடு, எழுதினவனுக்கே தெரியாது, சண்டைக்கு வரமாட்டான் என்று ஜெயப்பிரகாஷ்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மணிமொழி பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து போனைத் திறப்பதை நினைத்தாள்.

"ஐயா" என்றாள். "அத மறைச்சு வெச்சிருக்காங்க. இங்க போன்ல எனக்குத் தெரியல. மத்தவங்களுக்கும் தெரியாது."

"என் போன்ல இருக்குதே."

"உங்களுக்குத் தெரியும். உங்களோட ஃபிரண்டா இருக்கறவங்களுக்கும் தெரியும். அப்படித்தாங்க அதை வெச்சிருக்காங்க. மணிமொழி போன்ல வராது."

அந்தப் பக்கம் ரோட்டில் லாரி ஒன்று கடந்துபோவது கேட்டது.

"என் ஃபிரண்டுன்னா நம்ம யார்டு ஆளுங்கதான்" என்றார் தனகோடி. "அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, பாப்பா."

எடை மேடையில் அடுத்த லாரி ஏறியது.

"சரி, வெக்கிறேன்" என்றார். "அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள நானே திரும்பிப் போய்ச் சொல்லிடுறேன்."

வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது. வெளியே எடை மேடையில் ஏறி நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சண்முகப்பிரியா எழுந்து போய் லாரி நம்பரை எழுதினாள்.