மன்னித்துவிட்டேன் என்கிறார்

சிட்டு எழுதிய கேஸ் ஷீட்டை எங்கள் பிரிவுத் தலைவர் மேடம் மறுபடியும் சத்தமாகப் படித்துக் காட்டினார். அந்த மாதத்தில் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எண்ணினால் வயிறு இன்னும் கொஞ்சம் எரியும், வேறு லாபம் இல்லை.

சிட்டு என்பது வார்டு நர்ஸுகள் வைத்த பெயர். மனநலப் பிரிவில் அவள் பயிற்சி டாக்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அவளுக்கு மூத்தவள், என்னை எல்லோரும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்பார்கள். அவளைப் பார்த்தால் நோயாளிகள் முகம் மலரும். என்னைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

ஒருவரின் மனநிலையைப் பரிசோதித்து எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தோற்றமும் நடத்தையும், பிறகு பேச்சு, மனநிலை, சிந்தனை, இப்படியே போய்க் கடைசியில் இன்சைட், அதாவது தனக்கு வந்திருப்பது நோய் என்று அவருக்கே தெரிகிறதா என்பது. இதை நான் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் தோற்றம் என்ற இடத்தில் நான் "சுத்தமாக இருக்கிறார்" என்று எழுதுவேன். அவள் எழுதியதோ இப்படி: "நரைத்த தாடி, ஒரு பக்கம் மட்டும் மழித்திருக்கிறது. இரண்டு சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கதவையே பார்க்கிறார்." மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆள் எதிர்ல உக்காந்த மாதிரி இருக்கு பாரு" என்றார். பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் மெக்கானிக் எங்கள் வார்டில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர், தொழிலில் கெட்டிக்காரர். அவர் மனைவி ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். ஒருநாள் மனைவியின் ஸ்கூட்டரில் கண்ணாடி கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்திருக்கிறார். பின்னால் யாரோ ஓர் ஆண் உட்கார்ந்து வந்திருக்கிறான், அவன் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் திருப்பியிருக்கிறாள் என்று அந்த நிமிடமே அவருக்கு உறுதியாகிவிட்டது. ஸ்டாண்டில் நிறுத்தும்போது வேறு வண்டி இடித்திருக்கலாமே என்று யார் கேட்டாலும் சிரிப்பார். அவருக்கா வண்டியைப் பற்றிச் சொல்லித் தரவேண்டும்? மாதக்கணக்கில் மனைவியின் பையைக் குடைந்து, கடை வாசலில் ஒளிந்து நின்று, கடைசியில் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, உண்மையைச் சொல் என்று நின்றார். அண்ணன்காரர் கதவை உடைத்துத்தான் இங்கே கொண்டுவந்தார்.

மருந்து கேட்டது. நன்றாகத் தூங்கினார், சாப்பிட்டார், வார்டில் இருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. இந்தச் சந்தேக நோயில் தப்பாகக் கணித்தால் விலை கொடுப்பது நோயாளி அல்ல, கூடப் படுக்கும் மனைவி. அதனால் அன்று காலை மேடம் எங்கள் இருவரையும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல், தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொன்னார்.

சிட்டு முதலில் முடித்தாள். அறையை விட்டு வரும்போதே முகத்தில் வெளிச்சம். "ரொம்ப நல்லா இருக்காருக்கா" என்றாள். நான் கேட்கவே இல்லை.

என் முறை வந்தது. இந்த முறை தோற்றத்தில் சும்மா விடுவேனா? எண்ணெய் வைத்து வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் பழைய கிரீஸ் கறை, கண்ணைப் பார்த்துப் பேசுகிறார் என்று எழுதினேன். மனநிலை எப்படி என்று கேட்டால் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே போடவேண்டும். "பாரம் எறங்கின மாதிரி இருக்கு" என்றார், போட்டேன். முகமும் அதற்கு ஒத்துப்போனது, அதையும் தனியாகப் போட்டேன். குரல் ஏதாவது கேட்கிறதா என்றால் இல்லை என்றார். நாள், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு வியாதியைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு வந்தது ஒரு நோய் டாக்டர். கண்ணு பார்த்தது சரி, மனசுதான் அதுக்குத் தப்பா கதை கட்டிடுச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சிட்டுவின் வாக்கியம். அப்படியே, ஒரு சொல் மாறாமல். நோயாளிகளிடம் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று பக்கத்தில் நின்று புழுங்கியவள் நான். அவள் பேச்சை அவள் அம்மாகூட அத்தனை கவனமாகக் கேட்டிருக்க மாட்டார். இன்னொன்றும் கவனித்தேன். மற்றதைப் பேசும்போது மனிதர் யோசித்து, இழுத்து, நடுவில் இருமிப் பேசுகிறார். இந்த வாக்கியம் மட்டும் எங்கும் முட்டாமல் வந்தது.

சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. அவள் சொல்லிக் கொடுத்ததை அவளிடமே ஒப்பித்து முழு மார்க் வாங்கிவிட்டார் மனிதர். சிட்டுவின் மூக்கு உடையப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு கும்மாளம். அதை அடக்கிக்கொண்டு, இதையே உங்கள் அண்ணனுக்குப் புரிகிற மாதிரி உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அவர் உதட்டைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். நாளைக்கு மனைவி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் என்ன நினைப்பீர்கள் என்றேன். இனிமேல் தாமதம் ஆகாது என்றார். மனைவி மேல் இப்போது கோபம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"துளிகூட இல்ல. மன்னிச்சுட்டேன்."

"எதை மன்னிச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். "முடிஞ்சு போனத எதுக்கு டாக்டர் கிளறணும்?"

மேடம் அறையில் இரண்டு ஷீட்டும் மேஜைமேல் இருந்தன. சிட்டுவுடையதில் இன்சைட் முழுமையாக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்தது. என்னுடையதில், சந்தேகம் போகவில்லை, மூடி வைத்திருக்கிறார் என்றிருந்தது. நான் எழுந்து நின்று பேசினேன். நடந்ததெல்லாம் தன் நோயின் வேலை என்று உணர்ந்தவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பார். இவர் மன்னித்திருக்கிறார். ஒன்றுமே நடக்கவில்லையென்றால் மன்னிக்க என்ன இருக்கிறது?

சிட்டு தன் தாளைப் புரட்டினாள். அவளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். "மன்னித்துவிட்டேன் என்கிறார்" என்று அழகான கையெழுத்தில் எழுதி, நல்ல அறிகுறி என்று பக்கத்தில் குறித்திருந்தாள். அவள் காது சிவந்தது. பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

மேடம் உடனே தலையாட்டவில்லை. சாதாரண மனிதர்கள் பழைய சண்டைகளையும் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள், ஒரு வார்த்தையை வைத்து ஒரு மனிதரை அடைத்து வைக்க முடியுமா என்று கேட்டார். அப்புறம் என்னை நேராகப் பார்த்தார்.

"நீ அவரைப் பரிசோதிச்சியா, இல்ல இவளையா?"

இரண்டும்தான் என்பது உண்மை. கேலி செய்வதற்காக அவர் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

மனைவி வெளியே காத்திருக்கிறார், அவரிடம் இந்த மனிதர் என்ன சொல்லியிருக்கிறார் என்று விசாரித்து வா, அதன்பிறகு முடிவு செய்யலாம் என்று என்னைத்தான் அனுப்பினார். அந்த அம்மாள் வராந்தா பெஞ்சில், கணவரின் துணிகளை மடித்து வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்று, வரிசையாகக் கேட்டேன். பார்க்க வந்தபோது எப்படிப் பேசினார்? நல்லா. பழையதைப் பற்றி ஏதாவது கேட்டாரா? இல்ல. பயமாக இருக்கிறதா? இல்ல. ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் அவர் விரல் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடியது. கண் என் தோளைத் தாண்டிக் கதவைத் தேடியது.

"அந்தச் சின்ன டாக்டரம்மா இல்லீங்களா?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். உள்ளே போய் மேடத்திடம், கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. மெக்கானிக் அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஜிப் மறுபடி இழுபட்டது. இந்தப் பெண் எதையோ வைத்துக்கொண்டு தவிக்கிறார், அதை என்னிடம் தரப்போவதில்லை. நான் திரும்பி நடந்து, சிட்டுவிடம், "நீ வா. உன்கிட்டதான் சொல்வாங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கி வெளியே தள்ளுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிட்டு எதிரே நிற்கவில்லை. பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, பையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அப்புறம் எதுவும் கேட்காமல் சும்மா இருந்தாள். நானாக இருந்தால் அந்த நேரத்துக்குள் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் பார்க்க வந்தேன்ல, அப்ப கேட்டாரும்மா. ஒரே ஒரு தடவ ஒத்துக்கோ, எல்லாத்தையும் விட்டுடறேன், மன்னிச்சுடறேன்னாரு. நானும்... ஆமான்னு சொல்லிட்டேன். அப்படி யாருமே இல்லம்மா. ஆமான்னாதான் விடுவார்னு தோணிச்சு. அன்னைக்குத்தான் அவர் நல்லா சாப்பிட்டாரு."

பாரம் இறங்கியது எப்படி என்று இப்போது தெரிந்தது. மருந்தும் தூக்கமும் கொஞ்சம் என்றால், மிச்சம் இந்தப் பெண் கொடுத்த வாக்குமூலம். நோய் போகவில்லை, ஜெயித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது இதெல்லாம் அல்ல. என்னிடம் சொல்லாமல் இவளிடம் சொன்னாரே என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்தவர் வாழ்க்கை கண்ணெதிரே கிழிந்து கிடக்கும்போதும் என் வயிறு தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடத்திடம் சொல்லிவிட்டு வந்து, இன்றைக்கு அவரை அனுப்பப் போவதில்லை, இங்கேயே வைத்து மருந்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். அந்த அம்மாள் தலையாட்டினார். பையை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னிக்கு வீட்டுக்கு வரமாட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்ல நான்தானே உள்ள போகணும். அதுலேருந்து பார்க்க வர்றப்பல்லாம் யாருடி அவன், பேரு சொல்லுன்னு கேட்டுட்டே இருக்காரு. இப்ப போய் அப்படி ஒண்ணும் இல்லன்னா நம்புவாரா? நான் என்ன சொல்லட்டும்?"

இதற்குப் பதில் சிட்டுவுக்காவது தெரிந்திருக்க வேண்டுமே என்று, அவளைப் பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக, மனதார ஆசைப்பட்டேன். திரும்பினேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.