லாத்தாவுக்கு ஐந்து வரி

நௌஃபல் காக்காவின் மெயில் இஃப்ராவின் திரையில் வந்து விழுந்தபோது மணி பன்னிரண்டே கால். மேலே தமிழில் இரண்டு வரி மட்டும் இருந்தது. "எல்லாம் முடிவாகிவிட்டது. லாத்தாவுக்கு முடிவை மட்டும் சுருக்கமாக அனுப்பிவிடு, பயமுறுத்தாதே." அதற்குக் கீழே ஆங்கிலத்தில் முப்பத்து நான்கு மெயில்கள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நீண்டு கிடந்தன.

தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் இஃப்ராவுக்கு வேலை. இப்படிப்பட்ட மெயில்கள் தினமும் கண்ணில் படுகிறவைதான். ஆனால் இந்த மெயில்களில் இருந்த பெயர் அவளுடைய மச்சானின் பெயர். லாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காள் சம்சுன்னிசாவின் மாப்பிள்ளை ஈஸா கப்பலில் டெக் வேலை பார்க்கிறவர். நௌஃபல் காக்கா அவருடைய மூத்த அண்ணன். ஒன்பது நாளைக்கு முன் கொழும்புத் துறையில் கப்பலைக் கட்டும்போது கயிறு இழுத்து அவருடைய வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துபோயிற்று. அங்கேயே ஆபரேஷன் ஆனது. கப்பல் அவரை இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

காயல்பட்டினத்தில் சம்சுன்னிசாவுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. தலைப்பிள்ளை. ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது என்று டாக்டர் தூரப் பயணத்தைத் தடுத்திருந்தார். போன மூன்று நாளும் ஆளாளுக்குப் போன் செய்து, அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார் என்று அவளைக் குழப்பியிருந்தார்கள். காலையில்தான் தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"யாரு யாருட்ட என்ன பேசுனாஹங்கிற கதை எனக்கு வேணாம். அவஹ என்னைக்கு வாராஹ, எங்க வாராஹ, நான் என்ன செய்யணும். அத மட்டும் எழுது."

இஃப்ரா மத்தியானச் சோற்று டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். மெயில் கோர்வையை மேலிருந்து படித்தால் முடிவு முதலில் வரும், காரணம் கடைசியில் வரும். அதனால் அவள் எப்போதும் அடியிலிருந்து மேலே ஏறுவாள். தாளில் நான்கு கட்டம். என்ன முடிவு, யார் சொன்னது, யார் செய்யணும், எப்போது. பின்னால் வந்த மெயில் ஒரு முடிவை மாற்றினால் பழையதை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் புதியதை எழுதுவாள். அழிக்கமாட்டாள்.

பக்கத்து மேஜை இனிகோ எட்டிப் பார்த்தான்.

"என்னளா, பரீட்சையா எழுதுத?"

"மச்சான் மெயில்."

"முப்பத்து நாலா? அதுல பாதி, பிரிண்ட் எடுக்கதுக்கு முன்னாடி மரத்த நெனைங்கன்னு இருக்கும். மீதியில பாதி, மேலே கண்டதைக் கவனிக்கவும்னு இருக்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை. கையெழுத்துக் கட்டங்களையும் எச்சரிக்கை வாசகங்களையும் கழித்தால் ஒவ்வொரு மெயிலிலும் இரண்டு வரிதான் தேறியது. ஆறாவது மெயிலில் புதன்கிழமைப் பயணம் என்று இருந்தது. பத்தொன்பதாவதில் கொழும்பு டாக்டர் இன்னொரு முறை கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றதால் அது வியாழன் ஆகியிருந்தது. அடித்து எழுதினாள். ஒன்பதில் சக்கர நாற்காலி கேட்டார்கள், பதினாலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதையும் அடித்தாள். ஒரு விரலை எடுக்க வேண்டிவருமோ என்று எட்டாவது மெயிலில் ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்தபோது பேனா நின்றது. பன்னிரண்டாவதில் ஆபரேஷன் செய்த டாக்டரே பதில் எழுதியிருந்தார்: எடுக்க வேண்டியதில்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, எவ்வளவு மடங்கும் என்பது எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகுதான் தெரியும். இஃப்ரா மூச்சை விட்டுவிட்டு மேலே ஏறினாள்.

ஒரு மணிக்குள் தாள் நிறைந்துவிட்டது. வியாழக்கிழமை கொழும்பிலிருந்து சென்னை. அங்கே கம்பெனியின் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் விரல் பயிற்சி, எட்டு வாரம். டிக்கெட்டை இன்று மாலை ஐந்து மணிவரை பிடித்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் உறுதி செய்துவிடுவார்கள்.

எட்டு வாரம் சென்னையில். பிள்ளை பிறப்பதற்கு ஐந்து வாரம்கூட இல்லை. வாரம் இரண்டு தடவை சென்னைக்கும் காயலுக்கும் அலைய அந்தக் கையோடு முடியாது. லாத்தாவாலும் அங்கே போக முடியாது. பிறந்ததும் பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல அதன் வாப்பா இருக்கமாட்டார்.

என்ன செய்வது, முடிவு முடிவுதானே என்று போனை எடுத்தாள். அப்போதுதான் ஆஸ்பத்திரி வரிக்கு எதிரே 'யார் சொன்னது' என்ற கட்டம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. நிரப்புவதற்காகத் திரும்ப ஏறி இறங்கித் தேடினாள்.

வெறும் கேள்விதானே என்று முதல் தடவை தாண்டிப்போயிருந்த பதினோராவது மெயிலில் கம்பெனியின் மருத்துவ அதிகாரி எழுதியிருந்தார்: எங்களுக்கு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகள் சென்னை, மதுரை, கொச்சி, எது வசதி என்று குடும்பத்தாரைக் கேட்டுச் சொல்லவும். அதைப் பெற்றது சென்னையில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட். அந்த ஆபீசில் யாரோ மூன்றைச் சுருக்கி ஒன்றாக்கிப் பதின்மூன்றாவது மெயிலை அனுப்பியிருந்தார்கள்: "மேல்சிகிச்சை சென்னையில். சம்மதமா?" பதினைந்தாவது மெயிலில் பதில் இருந்தது: "சம்மதம். நான் பார்த்துக்கொள்கிறேன். நௌஃபல்."

ஈஸா முதன்முதல் கப்பல் ஏறும்போது கல்யாணம் ஆகவில்லை. கம்பெனிப் படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில், சென்னையில் கடை வைத்திருக்கும் நௌஃபல் காக்காவின் பெயரைக் கொடுத்திருந்தார். காயலில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். அதன்பிறகு அவருக்கு வீடு என்றால் அது பெண்டாட்டி வீடுதான். ஊருக்கே தெரிந்த அந்தச் சங்கதி கம்பெனிப் படிவத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பழைய தாளைப் பார்த்தே புதிய தாளை எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தைக் கேட்டுவிட்டோம் என்று கம்பெனி நினைத்தது. கேட்டது மச்சானின் அண்ணனை. லாத்தாவை யாருமே கேட்கவில்லை.

இஃப்ரா தாளை இனிகோவிடம் காட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான்.

"மதுரையா? அங்கேருந்து காயலுக்கு மூணு நாலு மணி நேரந்தான். வியாழக்கிழமை இல்லேன்னா வெள்ளிக்கிழமை கொழும்பு மதுரை ஃப்ளைட் இருக்குமே. ஆனா மாத்தணும்னா சம்மதம்னு எழுதுனவர்தான் எழுதணும். நீ எழுதினா, நீங்க யாருன்னு கேப்பான்."

அதுதான் சங்கடம். நௌஃபல் காக்கா சம்பந்தி வீட்டு மூத்தவர். ஒன்பது நாளாகக் கடையைப் போட்டுவிட்டுப் போனும் கையுமாக நின்றவர். அவர் முடிவு செய்ததைப் பெண் வீட்டுச் சின்னவள் புரட்டினாள் என்று ஆகிவிடக் கூடாது. லாத்தாவை முதலில் கேட்டுவிட்டு அவரிடம் போனால் அவருக்கு முகம் தொங்கிவிடும். அவரைக் கேட்டு, அவர் யோசித்து, பிறகு லாத்தாவிடம் போவதற்குள் ஐந்து மணி ஆகிவிடும். இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்புவது என்று தீர்மானித்தாள்.

எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். ஒன்றரை மணிக்குப் போனது இதுதான்:

"1. மச்சானுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. விரல்கள் இருக்கின்றன. எவ்வளவு மடங்கும் என்பது எட்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.
2. இந்த வாரமே ஊர் வருகிறார். செலவெல்லாம் கம்பெனியுடையது.
3. வந்ததும் மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிறகு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி.
4. ஆஸ்பத்திரி எங்கே: சென்னை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் மதுரையும் கொச்சியும் உண்டு என்று கம்பெனி முதலில் சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேரவில்லை. இது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.
5. மாற்றுவது என்றால் இன்று ஐந்து மணிக்குள் நௌஃபல் காக்கா எழுத வேண்டும்."

முதலில் வந்தது காக்காவின் போன். குரலில் காரம் இருந்தது.

"நான் என்ன வேத்தாளா இஃப்ரா? என் தம்பிய நான் பாத்துக்க மாட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பினா என்ன?"

"காக்கா, நீங்க பாக்கலைன்னா இவ்வளவும் நடந்திருக்காது. உங்களுக்கு வந்த கேள்வியே பாதிக் கேள்விதான். பதினோராவது மெயிலக் கொஞ்சம் பாருங்களேன், உங்க மெயிலுக்கு அடியிலேயே கெடக்கு."

அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை கேட்கும் சத்தமும், அவர் பொறுக்கச் சொல்லும் சத்தமும் கேட்டன. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார் என்று தெரிந்தது. தான் மேலே இருந்த ஒரு வரியை மட்டும் பார்த்துப் பதில் போட்டதாகவும், அப்போது கல்லாவில் கூட்டம் என்றும், மூன்று ஊர் இருக்கிறது என்று ஒருத்தனும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றும் சொன்னார். கடைசியில் குரல் தணிந்தது.

"சம்சு என்ன சொல்லுது?"

சம்சு அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. செய்தியைப் படித்துவிட்டாள் என்பதற்கான நீலக்குறி மட்டும் இருந்தது. இரண்டு மணியாயிற்று. மூன்றாயிற்று. இஃப்ரா ஒரு கப்பலின் சரக்குப் பட்டியலைத் தட்டச்சு செய்து, தப்பாகச் செய்து, திரும்பச் செய்தாள். கேள்வியைப் போய் அவள் தலையில் போட்டோமே, முடிவை மட்டும்தானே கேட்டாள் என்று உள்ளே அரித்தது.

மூன்றரைக்குப் போன் வந்தது. லாத்தா கொழும்புக்குப் பேசியிருக்கிறாள். நர்ஸ் ரவுண்டு முடிந்து மச்சான் கையில் போன் கிடைக்க அவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

"மதுரை" என்றாள். "அவஹளும் அதத்தான் சொல்றாஹ. சென்னை வேண்டாம்னா நானே சொல்லுவேன்னு அவஹ சும்மா இருந்திருக்காஹ. சென்னைன்னு காதுல விழுந்தப்ப கம்பெனி முடிவாக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன்." உடனே சேர்த்துக்கொண்டாள். "நௌஃபல் காக்காட்ட நானே பேசுதேன். நீ பேசாத."

என்ன பேசினாள் என்பது இஃப்ராவுக்குத் தெரியாது. நாலு மணிக்குக் காக்காவே கூப்பிட்டு, இங்கிலீஷில் ரெண்டு வரி எழுதித் தா, அதற்கு மேல் வேண்டாம் என்றார். அவள் எழுதித் தந்தாள்: பதினோராவது மெயிலில் கண்ட மூன்றில் குடும்பம் மதுரையைத் தேர்ந்தெடுக்கிறது, ஈஸாவின் மனைவி நிறைமாதமாக இருப்பதால் தயவுசெய்து பயணத்தையும் மதுரைக்கு மாற்றவும். நாலு பத்துக்கு அவர் பெயரில் அது போனது. மருத்துவ அதிகாரிக்கும் நேராக ஒரு நகல்.

நாலே முக்கால் வரைக்கும் பதில் இல்லை. இனிகோ சொல்லாமல் கொள்ளாமல் டீ வாங்கி வந்து வைத்தான். ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது மருத்துவ அதிகாரியின் மெயில் வந்தது. ஆட்சேபணை இல்லை, மதுரை டாக்டருக்குக் காகிதங்கள் இன்றே போகும். அதன் பின்னாலேயே டிக்கெட் ஆளின் மெயில். சென்னை டிக்கெட்டை விட்டுவிட்டோம். வியாழக்கிழமை மதுரைக்கு இடமில்லை, வெள்ளிக்கிழமைக்கு எடுக்கிறோம். நெருங்கிய உறவின் விவரம் மாறியிருந்தால் புதிய படிவம் தரவும் என்று ஏஜென்ட் ஆபீசிலிருந்தும் ஒரு வரி வந்திருந்தது.

இஃப்ரா தாளில் சென்னையை ஒரே கோடாக அடித்தாள். எதிரே இருந்த கட்டத்தில் 'லாத்தா, மச்சான்' என்று எழுதினாள். பிறகு செய்தி அனுப்பினாள்: "மதுரை. வெள்ளிக்கிழமை. நேரம் டிக்கெட் வந்ததும் சொல்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை."

உடனே பதில் வந்தது.

"ஒண்ணுமில்லையாவது. நௌஃபல் காக்கா வியாழக்கிழமை ராத்திரி ரயில்ல மதுரை வாராஹளாம், வாப்பா வேன்ல போவாஹ. மூணு நாள் கழிச்சு எல்லாருமா வீட்டுக்கு வரும்போது எத்தனை பேருக்குச் சோறுன்னு நான் கணக்குப் போடணும். நீ லீவு சொல்லிட்டியா?"