சந்தன நிறச் சோபாவில் இரண்டு கை

"ஒண்ணு இந்த வீட்டுல சோபா இருக்கணும், இல்ல அந்தச் சைக்கிள் இருக்கணும்!"

"சோபாவுல ஏறி நான் வேலைக்குப் போக முடியுமாம்மா?"

"வாயப் பாரு! வித்துட்டு வந்து பேசு!"

எதிர் வீட்டில் தாயும் மகளும் இந்த உச்சத்தை எட்டியபோது, எனக்கு அவசரமாக ஒரு கத்தரிக்கோல் தேவைப்பட்டது. என் வீட்டில் மூன்று இருக்கின்றன. இருந்தாலும் இரவல் கத்தரிக்கோலின் கூர்மையே தனி.

கதவு திறந்துதான் கிடந்தது. வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத சந்தன நிறத் துணிச் சோபாவில், உட்காரும் இடத்திலேயே, கறுப்பாக இரண்டு உள்ளங்கைத் தடம். யாரோ இரண்டு கையையும் ஊன்றி எழுந்திருக்கிறார்கள்.

"பாருங்கக்கா, சைக்கிள் செயின் மையி!" என்றாள் தாய்.

மகள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பாதி நாள் விடியற்காலை முறை. அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. சைக்கிள் போனால் அந்த வேலையும் போகும்.

தகப்பனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அம்மா சொல்றது நியாயம்தான்" என்று முனகினார்.

எனக்குத் தெரியாத கறை உண்டா? கொதிநீரில் துணியை முக்கி, ஒரு தடத்தைப் பரபரவென்று தேய்த்தேன். ஐந்து விரல் இருந்த இடத்தில் ஒரு தோசைக்கல் அளவுக்கு மேகம் திரண்டது.

"ஐயோ, விடுங்க அத்தை! தேச்சா மையி நூலுக்குள்ள இறங்கிடும்" என்று மகள் என் கையைப் பிடித்தாள். மேகத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு முகப்பவுடரைக் கொண்டுவந்து மற்றத் தடத்தின்மேல் தூவப் போனவள், சட்டென்று நின்று, தன் உள்ளங்கையை அதன்மேல் தொடாமல் பிடித்துப் பார்த்தாள். தடம் இரண்டு விரல்கடை பெரிதாக இருந்தது.

"என் கையில்ல இது. நான் செயினத் தொட்டு ஒரு மாசமாச்சு" என்றபடியே பவுடரைத் தூவினாள்.

ஆம்பளைக் கை! என் மனம் அந்த நொடியே ஒரு பையனுக்கு மீசை வைத்து, வேலை கொடுத்து, மண்டபம் பார்த்துவிட்டது. கீழ் வீட்டுத் தையல்காரிக்குக் கைப்பேசியில், "எதிர் வீட்டுக்கு யாரோ வந்து போகிறான்" என்று தட்டியும்விட்டேன்.

மகள் பால்கனிக்குப் போய்ச் சைக்கிளைக் குனிந்து பார்த்தாள். நானும் குனிந்தேன். மண்ணெண்ணெய் வாசனை. ஒரு மாத அழுக்கு போய்ச் செயின் வெள்ளியாய் மின்னியது. ஆனால் அதன்மேல் ஊற்றியிருந்த எண்ணெய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுவினது சரிதான். ஆனா கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலப் பின்னால சுத்தி, வெளியில இருக்கறதத் துடைச்சு எடுக்கணும். இல்லன்னா தூசி அப்பிக்கும். யாரோ புதுசு."

தாய் கணவரிடம் போனாள். பேப்பரை விலக்கினாள். பேண்ட்டின் வலது காலில் உள்பக்கம், கணுக்காலுக்கு மேலே, செயின் சக்கரத்தின் பல் வரிசை அச்சடித்தாற்போல் பதிந்திருந்தது.

"என்னங்க இது?"

"அது... காலையில... சும்மா ஒரு ரவுண்டு."

"யாரு, நீங்களா?"

"ரெண்டு வாரமா ஓட்டுறேன். அவ சாயங்கால முறைக்குப் போற நாள்ல மட்டும். நேத்துதான் ஹேண்டில்ல இருந்து கைய விட்டு ஓட்டினேன். ஒரு கைதான்." அந்த வயதிலும் முகத்தில் ஒரு பெருமை. "எண்ணெய் போட்டதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. உக்காந்தேன். எழுந்தப்ப கவனிக்கல."

"அப்புறம் எதுக்கு நான் சொல்றது நியாயம்னீங்க?"

"நீ கத்துறப்ப வேற என்ன சொல்றது?"

தாய்க்குச் சிரிப்பு முதலில் தோளில் வந்தது, அப்புறம் வாயில். நான் மட்டும் தையல்காரிக்கு அனுப்பியதை அழிக்கப் போராடிக்கொண்டிருந்தேன். அவளோ அதற்குள், "மாப்பிள்ளை என்ன வேலை?" என்று கேட்டுவிட்டாள்.

தடத்தில் தூவிய பவுடர் அரை மணியில் எண்ணெயைக் குடித்துப் பழுப்பாகியிருந்தது. மகள் அதைத் தூரிகையால் தட்டி எடுத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, முதலில் சோபாவின் அடித்துணியில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்தாள். பிறகு வெள்ளைத் துணியால் கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினாள், ஈரத்துணியால் சோப்பை எடுத்தாள். தகப்பனார் துணி பிழிந்து கொடுத்தார். அவர் தடம் ஏறக்குறைய மறைந்தது. என் மேகம்தான் கடைசிவரை போகவில்லை. அதன்மேல் ஒரு தலையணை வைத்தார்கள்.

சைக்கிள் விற்கப்படவில்லை. மறு மாதம் தகப்பனார் தனக்கென்று ஒன்று வாங்கினார். அடுத்த வருடம் மகள் வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே ஒரு கண் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள்; எனக்குத் தெரிந்தது அழைப்பிதழ் வந்த பிறகுதான். பேத்தி பிறந்ததும் பெரியவர்களும் அங்கே குடிபோனார்கள். இப்போது எதிர் வீட்டில் இருப்பது ஒரு புதுத் தம்பதி. சண்டையே போடுவதில்லை. என்ன பிழைப்பு இது!