வடிவமைக்கப்பட்டது

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் வெப்சைட் எழுதித் தருவது என் பிழைப்பு. லாட்ஜ்காரர், பல் டாக்டர், பட்டுக்கடை முதலாளி என்று யார் வந்தாலும் விலைப் பட்டியல் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். "எங்களைப் பற்றி" என்கிற பக்கத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். "பழைய பிரசன்டேஷன் ஒண்ணு இருக்குதுமா, அதுல இருந்து எடுத்துக்கோ" என்று எழுந்துவிடுவார்கள். எப்போதோ பேங்க் மேனேஜருக்குக் காட்டுவதற்காகச் செய்த ஸ்லைடுகள் அவை. மேனேஜரை நம்பவைக்கச் சொன்னதையெல்லாம் நான் ஊரை நம்பவைக்கிற மாதிரி மாற்றி எழுத வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மெஷின் செய்து விற்கும் கோதண்டராமன் அவர்களின் கம்பெனியும் ஒரு நாள் என்னிடம் வந்தது. என் அப்பா முருகையன் அங்கே பத்தொன்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தரமாவது, "அங்க மொத மெஷின நான்தான் பண்ணேன். டிரம்மு, சல்லடை, எல்லாம் என் கணக்கு" என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அம்மா உடனே, "ஆமா, நீங்க இல்லனா நாட்டுல மல்லாட்டையே மொளைச்சிருக்காது" என்பாள். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்த வேலையைக் கேட்டதும் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"கவியா, அதுல என் பேரு ஒரு ஓரத்துல வருமா பாரு. பெருசா வேணாம். ஓரத்துல."

அப்பா என்னிடம் எதையும் கேட்டவரில்லை. பார்க்கிறேன் என்றேன்.

முதலாளியின் மகன் அருண்பிரசாத் அனுப்பிய கோப்பின் பெயர் "கம்பெனி புரொஃபைல் ஃபைனல் நியூ 3". 2010இல் செய்தது. பதினாலு ஸ்லைடு. நாலாவது ஸ்லைடில் ஆங்கிலத்தில் வரலாறு இருந்தது. வரிக்கு ஒரு வருஷம், வருஷத்துக்கு ஒரு சாதனை. 1989, பத்துக்குப் பத்து ஷெட்டில் தொடக்கம். 1991, முதல் கடலை உடைக்கும் இயந்திரம் வடிவமைப்பு. அதற்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், பருப்பு உடைவது நூற்றுக்கு இரண்டுக்கும் கம்மி. அதன் கீழே ஒரு படம்: மெஷின் மேல் கை வைத்தபடி கோதண்டராமன், அப்போது தலை நிறைய முடி.

ஸ்லைடில் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யார் செய்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். புள்ளி வைத்து "வடிவமைப்பு" என்று போட்டால் போதும். அதை வாக்கியமாக எழுத உட்கார்ந்தால் தமிழ் விடாது, வினைச்சொல்லின் வாலைப் பிடித்து யார் யார் என்று கேட்கும். வடிவமைத்தாரா, வடிவமைத்தார்களா, வடிவமைத்தோமா? நான் அந்த இடத்தைக் காலியாக விட்டு மஞ்சள் பூசி, "யார்?" என்று எழுதி அனுப்பினேன். கூடவே, "உடைசல் கணக்கு எப்போது எடுத்தது? இப்போது விற்கும் மாடலுக்கும் பொருந்துமா?" என்றும் கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்து அருண்பிரசாத் ஒரே பதில் போட்டார்: "ஸ்லைடுல இருக்கறத அப்படியே போடுங்க மேடம்."

படம் மங்கலாக இருந்தது. நல்ல படம் வேண்டும் என்றால் எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலில் இருக்கும் பிபிடிஎக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே படங்களெல்லாம் தனியாகக் கிடக்கும். ஸ்லைடில் ஓரத்தை வெட்டியிருந்தாலும், வெட்டினதைத் துப்புரவாக நீக்காமல் விட்டிருந்தால் முழுப்படமும் அங்கே இருக்கும். திறந்தேன். இடது ஓரத்தில், மெஷினுக்குள் முழங்கை வரை கைவிட்டுக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியைக் கவ்வியபடி குந்தியிருந்தார் என் அப்பா. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் போய், ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் அந்தப் படத்தோடு கம்பெனிக்குப் போனேன். கோதண்டராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட, நம்ம முருகையன்! உங்கப்பா நல்ல வேலைக்காரரும்மா."

"முழுப் படத்தையே போட்டுடலாமா சார்?"

"லுங்கி கட்டினு இருக்காரே. வெப்சைட்டு பாரு, டீலருங்கல்லாம் பார்ப்பாங்க."

"சரி சார். மெஷின வடிவமைச்சது யாருன்னு ஒரு வரி வேணும்."

அவர் விட்டத்தைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்தார். பிறகு ஞானம் வந்தவர் போலச் சொன்னார்: "வடிவமைக்கப்பட்டதுன்னு போட்டுடும்மா. கவர்மென்ட்டு லெட்டர்ல எல்லாம் அப்படித்தான போடுவாங்க? மரியாதையா இருக்கும்."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. யாரும் செய்யாமல் தானாகவே வடிவமைக்கப்பட, அது என்ன சுயம்புலிங்கமா? கேட்கவில்லை. மாதக் கடைசி, வீட்டு வாடகை கண்முன் நின்றது. "வடிவமைத்தோம்னு போடலாம் சார். வாசிக்க நல்லா இருக்கும்" என்றேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுவும் கெத்தாத்தான் இருக்கு" என்றார். தன்னைத்தானே பன்மையில் மதித்துக்கொண்டதாக அவர் நினைத்துவிட்டார். நான் அந்த 'ஓம்' விகுதிக்குள் என் அப்பாவை ஒளித்துவைத்திருந்தேன்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். "தோம்னா நானும் தான?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். தலையாட்டினார். முகத்தில் வெளிச்சம் ஒன்றும் இல்லை. பெயர் கேட்டவருக்கு விகுதியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

பக்கம் வெளியாகிப் பத்து நாள் இருக்கும். மீதிப் பணம் வாங்கப் போயிருந்தேன். கோதண்டராமனின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருவர், போன வாரம் மெஷின் வாங்கியவர், எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"எங்களைப் பற்றின்னு நீங்கதான போட்டு இருக்கீங்க? நூத்துக்கு ரெண்டு கூட உடையாதுன்னு! இங்க பதினஞ்சு உடையுது சார். பாதிப் பருப்பு வெதைக்கு ஆவாது. வடிவமைத்தோம், வடிவமைத்தோம்னு எழுதி இருக்கீங்களே, எவன் சார் வடிவமைச்சது?"

கோதண்டராமன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"முருகையன்! முருகையன்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு பண்ணதுதான் சார் எல்லாம். டிரம்மு, சல்லடை, எல்லாம் அவரு கணக்கு. நான் ஆபீஸ பார்த்துனு இருந்தேன், எனக்கு இரும்பப் பத்தி இன்னா தெரியும்?"

வடிவமைத்தவர் என்று முப்பது வருஷத்துக்கு மேல் வாயில் வராத பெயர், தங்குதடையில்லாமல் வந்து விழுந்தது. அடுத்த அரை மணியில் அருண்பிரசாத் எனக்கு எழுதியே கொடுத்துவிட்டார்: "பழைய வடிவம் முருகையன் என்பவரால் வடிவமைக்கப்பட்டது. உடைசல் கணக்கு அவருடைய காலத்தியது." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். "என்பவர்" என்பதைத் தூக்கினேன், "பட்டது" என்பதையும் தூக்கினேன். "எங்கள் முதல் இயந்திரத்தை வடிவமைத்தவர் முருகையன். உடைசல் கணக்கு அப்போது எடுத்தது." அருண்பிரசாத் போனில் பார்த்துக் கட்டைவிரல் போட்டார்.

அன்று வீட்டில் அப்பா அந்த வரியை ஏழெட்டு முறை வாசிக்கச் சொன்னார். அம்மா ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அடுப்படியிலிருந்து வந்து, போனை வாங்கி, எழுத்துக் கூட்டி அவளே ஒரு தரம் வாசித்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பழி போடுவதற்காகத்தான் பெயர் போட்டார்கள் என்பதையும். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"பதினஞ்சா உடையுது? கொட்ட ரொம்பக் காய்ஞ்சி இருக்கும். மொத நாளே லேசா தண்ணி தெளிச்சி, சாக்கு போட்டு மூடி வெச்சி, அப்பறம் உடைக்கச் சொல்லு. சல்லடை சின்னதா மாட்டி இருப்பானுங்க, கொட்ட சைசுக்கு ஏத்தத மாத்தச் சொல்லு. இப்பவே போன் பண்ணு."

எனக்கு மனசு வரவில்லை. "அப்பா, மெஷின் சரியாப் போச்சினா உங்க பேர எடுத்துடுவாங்க. நாலு நாள் இருக்கட்டுமே."

"அறிவு கெட்டதனமா பேசாத. அங்க ஒருத்தன் வெதைப் பருப்பு போச்சினு நிக்கறான்."

கம்பெனியில் நம்பர் வாங்கித் திண்டிவனத்துக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போன் செய்து, உடைசல் மூன்றுக்கு வந்துவிட்டது, இன்னும் ரெண்டு மெஷின் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று சாயங்காலமே அருண்பிரசாத்திடமிருந்து செய்தி வந்தது: "மேடம், பிரச்சன சால்வ்டு. பேரு வேணாம், பழையபடி வடிவமைத்தோம்னே போட்டுடுங்க. அதுதான் கெத்தா இருக்குன்னு அப்பா சொல்றாரு."

முடியாது என்று எழுதி அழித்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தேன். கடைசியில் மாற்றிக் கொடுத்தேன். பத்து எழுத்து கூட இல்லை, நூறு கிலோ மூட்டையை நகர்த்தின மாதிரி கை வலித்தது.

வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார். "அந்தப் பக்கத்த தெற, இன்னொரு தபா படி."

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், தெரியவா போகிறது? ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கப்பா."

அப்பா தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். "அடி சக்கை! அப்ப பருப்பு உடையல!" என்று சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைச் சத்தமாகக் கூப்பிட்டார்.