பச்சையாகவே இருந்த வரி

திருவொற்றியூரில் நாற்பது படுக்கை கொண்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தை ஷெர்லின்தான் பார்த்துக்கொண்டாள். அவள் வருவதற்கு முன் அங்கே இருந்தது ஒரு தடித்த ஸ்டாக் ரெஜிஸ்டர். அதில் யாராவது எழுதுவார்கள், யாராவது மறப்பார்கள், கடைசியில் காய்ச்சல் மாத்திரைகூட தீர்ந்துபோய் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள்.

அந்த லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காமல்தான் ஷெர்லின் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் போட்டாள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி. எவ்வளவு வந்தது, எவ்வளவு வழங்கினோம், காலாவதியாகி எவ்வளவு கழிந்தது, கையில் எவ்வளவு மிச்சம். கடைசி தொண்ணூறு நாளில் வார்டுக்கு வழங்கியதை வைத்து ஒரு நாளைய சராசரியை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆர்டர் போட்டபின் சரக்கு வந்துசேர ஆகும் நாட்களின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கும். அதற்கு மேல் கால் பங்கு பாதுகாப்புக்குக் கூட்டும். அதுதான் மறு ஆர்டர் அளவு. மிச்சம் அதற்குக் கீழே இறங்கினால் வரி சிவப்பாகும், இல்லையென்றால் பச்சை. தினமும் காலையில் சிவப்பை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் போதும்.

ஒன்றரை வருஷம் ஒரு மருந்தும் தீரவில்லை. ஷெர்லினுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. புரியாததில் தப்பும் இல்லை. வடசென்னையில் இருந்த ஏழு சின்ன ஆஸ்பத்திரி மருந்தகக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஷீட்டைப் போட்டாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், வாழ்த்தினார்கள், கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நர்ஸ் ஜெனி சீட்டோடு ஓடிவந்தாள்.

"ஷெர்லின், பாம்புக்கடி மருந்து பத்து வயல். சீக்கிரம்! நல்ல பாம்பு. கண்டெய்னர் யார்டுல தார்ப்பாய் உருவும்போது கடிச்சிருக்கு. கண்ணு சொருகுது."

"இருக்கு, இதோ" என்று ஷெர்லின் திரையைப் பார்த்தாள். வரி பச்சை. வயல் என்கிற அந்தச் சின்ன மருந்துக் குப்பிகள் இருக்கும் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

தட்டு காலி.

அவள் அடுத்த தட்டைப் பார்த்தாள். இன்சுலின் பெட்டிகளை ஒதுக்கிப் பார்த்தாள். கதவின் உள்பக்கம் பார்த்தாள். திரும்பி வந்து, பச்சை நிறத்தை விட்டுவிட்டு முதல் தடவையாக அந்த வரியில் இருந்த எண்களைப் படித்தாள். மிச்சம்: பூஜ்யம். மறு ஆர்டர் அளவு: பூஜ்யம்.

இரண்டு மாதத்துக்கு முன் பன்னிரண்டு வயலும் காலாவதியாகி, அவளே எடுத்து, அவளே காலாவதிக் கட்டத்தில் எழுதிக் கழித்திருந்தாள். காலாவதியானது வார்டுக்கு வழங்கியது ஆகாது, அதனால் சராசரியில் சேராது. அது சரிதான். ஆனால் மூன்று மாதமாகப் பாம்புக்கடி ஒருத்தரும் வரவில்லை. சராசரி பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை நாளால் பெருக்கினால் என்ன, கால் பங்கு கூட்டினால் என்ன? பூஜ்யம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. வரி சிவப்பாகவே ஆகாது. தட்டு காலியாகக் கிடக்க, திரை பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஷெர்லின்?" என்றாள் ஜெனி.

"இல்ல" என்றாள் ஷெர்லின். "ஜெனி, நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல."

ஜெனி அவளைப் பார்த்த பார்வையை ஷெர்லின் சாகும்வரை மறக்கமாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் லியோனார்ட் கத்தவில்லை, கத்த அவருக்கு நேரமில்லை. மூச்சுத் தசைகள் தளராமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க நியோஸ்டிக்மினும் அட்ரோப்பினும் போட்டார். மூச்சு நின்றால் தொண்டையில் குழாய் போட எல்லாவற்றையும் தயாராக வைத்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்தான். எண்ணூர் ரோட்டுல லாரி வரிசையில ஆம்புலன்ஸ் நின்னா வழியிலயே போயிடுவாரு. மருந்துன்னா பைக்ல சீக்கிரம் வந்துடும். யாருகிட்டயாவது வாங்கு" என்றார்.

கட்டிலில் கிடந்தவர் பெயர் நசீர், முப்பத்தெட்டு வயது. அவர் மனைவி ரஹீமுன்னிசா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னாம்மா, ஊசி போட இன்னா இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். ஷெர்லின் போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் கிடைத்தது தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி மருந்தகத்து முபாஷிர்.

"பாம்புக்கடி மருந்தா? இருக்குக்கா. இருவது வயல் கீது. எத்தினி வேணும்?"

"பத்து. முபாஷிர், ஓடிவா."

"இதோ வந்துகினே கீறேன்."

இருபத்துநாலு நிமிஷம். ஷெர்லின் வாசலில் நின்று ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணினாள். உள்ளே நசீருக்கு இமை முழுதாக மூடிவிட்டது, வார்த்தை குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை. லாரிகளுக்கு நடுவில் புகுந்து பைக் வந்ததும், ஐஸ் பெட்டியை அவள் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். ஜெனியும் அவளும் சேர்ந்து பத்து வயலையும் ஊசித்தண்ணீரில் கரைத்தார்கள். சலைனில் சேர்த்து ஏற்றினார்கள். அலர்ஜி வந்தால் போட அட்ரினலின் பக்கத்திலேயே இருந்தது. அது இருக்கிறதா என்று அவள் இந்த முறை கையால் தொட்டுப் பார்த்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு நசீர் ஒரு கண்ணைத் திறந்தார். ரஹீமுன்னிசா ஓடிவந்து ஷெர்லினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லாங்காட்டி என் வூட்டுக்காரர் இல்லம்மா. எம்மாம் ஓட்டம் ஓடின!"

ஷெர்லின் கையை உருவிக்கொண்டாள். "நன்றி சொல்லாதீங்க. மருந்து இல்லாம போனதே என்னாலதான்" என்றாள். ரஹீமுன்னிசாவுக்கு அது விளங்கவில்லை. பெரிய மனசு என்று நினைத்து இன்னும் அழுதாள். ஷெர்லினுக்கு உடம்பெல்லாம் கூசியது.

முபாஷிர் பின்பக்கப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயும் என் ஷீட்தானே வெச்சிருக்க? எப்படி உன்கிட்ட மட்டும் மருந்து இருந்துச்சு?"

அவன் டீயைக் கீழே வைத்தான். முகம் மாறியது.

"போன மாசம் எங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு கேஸ் வந்துச்சுக்கா. காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அம்மா. ஷீட்ல பச்சையா இருந்துச்சு, தட்டுல இல்ல. ஆட்டோவ வுட்டு எறங்கவே வுடல. மருந்து இல்ல, வேற எடம் பாருங்கன்னு அனுப்பிட்டோம். அப்புறம்தான் ஷீட்ட பாக்காம நானா ஆர்டர் எழுதி இருவது வயல் வாங்கி வெச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான்தான் எங்கயோ தப்பா தட்டிட்டேன்னு நெனச்சேன். குரூப்புல அத்தினி பேரு உன்னப் புகழ்ந்துகினு இருந்தாங்க. நான் போய், ஷீட்டு வேல செய்லன்னு எப்டிச் சொல்றது? அசிங்கமா பூட்ச்சு."

வழங்கியதை மட்டும் எண்ணச் சொல்லி அந்த ஷீட்டுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். இல்லை என்று திருப்பி அனுப்பியதற்கு அதில் கட்டமே இல்லை. அந்த அம்மா வந்துபோன நாளன்றும் ஏழு மருந்தகத்திலும் அந்த வரி பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

"அந்த அம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

முபாஷிர் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியாதுக்கா. பேருகூட கேக்கல."

ஷெர்லின் போனை எடுத்தாள். குழுவைத் திறந்து, "எல்லாரும் ஷீட்டை மூடிட்டு, போய் அலமாரியையும் ஃபிரிட்ஜையும் பாருங்க" என்று எழுதி அனுப்பினாள். பிறகு முபாஷிரை எழுப்பினாள்.

"வண்டிய எடு. காசிமேட்டுக்குப் போகலாம்."

"இன்னான்னு கேக்கறது அங்க?"

"போன மாசம் பாம்பு கடிச்சது யாருக்குன்னு. உயிரோட இருக்காங்களான்னு" என்றாள் ஷெர்லின். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பைக்கில் ஏறினாள்.